ஆஸ்திரேலியாவின் 491 பிராந்திய விசா நாமினேஷன்: 189 விசாவிலிருந்து எங்கே வேறுபடுகிறது, எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும்

எனக்கு 65 பாயிண்ட் இருக்கு, 189-க்கு அது போதும்னு சொன்னாங்க. ஒன்றரை வருஷமாச்சு, அழைப்பே வரல. எங்கே தப்பு?

தப்பு எங்கேயும் இல்லை. 65 என்பது வரிசையில் நிற்க அனுமதிச்சீட்டு மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் 189 விசாவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே வரிசை, அதை மத்திய உள்துறை நடத்துகிறது. ஸ்கில்செலக்ட் தளத்தில் நீங்கள் போட்டிருக்கும் விருப்ப மனுவை (எல்லோரும் ஈஓஐ என்பார்கள்) யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. சுற்று நடக்கும் நாளில், உங்கள் தொழிலில் யாருக்கு அதிக பாயிண்ட் இருக்கிறதோ அவருக்கு அழைப்பு போகும், சமமாக இருந்தால் அந்தப் பாயிண்டை முதலில் எட்டியவருக்குப் போகும். அவ்வளவுதான் கணக்கு. உங்கள் தொழிலில் 85, 90 வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருந்தால் 65 எவ்வளவு காலம் காத்திருந்தாலும் நகராது. ஈஓஐயும் இரண்டு வருஷத்தில் காலாவதியாகிவிடும், அப்புறம் புதிதாகப் போட வேண்டும்.

இதில் ஒரு நல்ல விஷயம், 189-இல் யாருக்கும் எந்த வாக்குறுதியும் தர வேண்டாம். கிடைத்த நாளிலிருந்து நிரந்தர வசிப்புரிமை, எந்த ஊரிலும் இருக்கலாம், எந்த வேலையும் பார்க்கலாம். அதனால்தான் அவ்வளவு போட்டி.

மாநில நாமினேஷன்லயும் அதே பாயிண்ட்தானே பார்க்கிறாங்க?

பாயிண்டும் பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் பார்ப்பதில்லை. இங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு மாநில அரசு. அவர்களுக்கு ஜூலை 1-இல் தொடங்கும் ஒவ்வொரு திட்ட ஆண்டுக்கும் இத்தனை இடம் என்று மத்திய அரசு ஒதுக்கித் தருகிறது. அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது என்ற அளவுகோலை அவர்களே வகுக்கிறார்கள். ஏற்கெனவே அங்கே வேலை பார்ப்பவரா, அந்த மாநிலத்தில் படித்தவரா, அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு இருக்கும் தொழிலா என்றெல்லாம் பார்ப்பார்கள். 90 பாயிண்ட் வைத்திருக்கும் ஒருவரை விட்டுவிட்டு, அங்கேயே ஒரு வருஷமாக வேலை செய்யும் 75 பாயிண்ட்காரரை எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும்.

மாநிலம் தரும் நாமினேஷன் இரண்டு வகை. 190 விசாவுக்கு என்றால் 5 பாயிண்ட் கூடும், அது கிடைத்ததுமே நிரந்தரம். 491 விசாவுக்கு என்றால் 15 பாயிண்ட் கூடும், ஆனால் அது 5 வருஷத் தற்காலிக விசா. அதை முறையாக முடித்தால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். 2019 நவம்பர் 16-இல் பழைய 489-ஐ எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். தொழில் பட்டியலும் 491-க்குத்தான் பெரியது, 189-க்குத் தகுதியே இல்லாத சில தொழில்கள் இதில் இருக்கும். பிராந்தியப் பகுதியில் குடியிருக்கும் நெருங்கிய உறவினர் ஸ்பான்சர் செய்தும் 491 வாங்கலாம், அது தனி வழி. இங்கே மாநில வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் தருவது விசா இல்லை. நாமினேஷன் ஆனதும் ஸ்கில்செலக்டிலிருந்து அழைப்பு வரும், 60 நாளுக்குள் விசா மனு போட வேண்டும், அதை முடிவு செய்வது மறுபடியும் உள்துறைதான். நாமினேஷன் கிடைத்தும் விசா மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம், கூட்டிக் காட்டிய பாயிண்ட்.

கூட்டிக் காட்டுவதுன்னா? பாயிண்டைக் கணக்குப் போட்டே காட்டுங்களேன்.

சரி, ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். வயது 34, அதற்கு 25 பாயிண்ட். ஐடி சம்பந்தப்பட்ட இளங்கலைப் பட்டம், 15. ஐஇஎல்டிஎஸ்-இல் நான்கு பகுதியிலும் 7, அதற்கு 10. மனைவிக்குக் கணினித்துறை இல்லை, ஆனால் ஆங்கிலத் தேர்வில் குறைந்தபட்சத் தரத்தைத் தாண்டிவிட்டார், அதற்கு 5. மிச்சம் இருப்பது வெளிநாட்டு அனுபவம். அவர் 9 வருஷம் வேலை பார்த்திருக்கிறார், 8 வருஷம் இருந்தாலே 15 பாயிண்ட் என்று பட்டியலில் இருக்கிறது, ஆக மொத்தம் 70 என்று ஈஓஐயில் போட்டுவிட்டார்.

இங்கேதான் சறுக்கல். ஐடி தொழில்களை மதிப்பிடும் ஏசிஎஸ் அமைப்பு, அனுபவத்தின் முதல் சில வருஷங்களைத் தகுதி பெறுவதற்கான காலம் என்று கழித்துவிடும், படிப்பும் வேலையும் நன்றாகப் பொருந்தினால் 2 வருஷம், பொருத்தம் குறையக் குறைய அதைவிட அதிகம். அவர்களுடைய கடிதத்திலேயே எந்த மாதத்துக்குப் பிறகான வேலை தேர்ச்சி பெற்ற வேலையாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருக்கும். இவருக்கு 2 வருஷம் போனால் மிச்சம் 7 வருஷம், அதாவது 15 இல்லை, 10 பாயிண்ட்தான். ஆகவே உண்மையான மொத்தம் 65. 190 நாமினேஷனோடு 70, 491 நாமினேஷனோடு 80.

உண்மையில் 80, ஆனால் ஈஓஐயில் அவர் போட்ட 70-ஓடு 15 சேர்ந்து 85 என்று இருக்கிறது. மாநிலம் அந்த 85-ஐ நம்பி நாமினேட் செய்கிறது, அழைப்பும் 85-க்கு வருகிறது. விசா மனுவைப் பார்க்கும் அதிகாரி, அழைப்பில் உள்ள பாயிண்டுக்குக் குறையாமல் உங்களிடம் இருக்கிறதா என்று சரிபார்ப்பார். குறைந்தால் மறுப்பு. 80 என்பது 65-ஐவிட எவ்வளவோ மேல், ஆனாலும் அது காப்பாற்றாது, கட்டிய பணமும் திரும்ப வராது. அழைப்பு வந்தபின் ஈஓஐயைத் திருத்தவும் முடியாது. அதனால் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈஓஐயை நிரப்புங்கள், நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.

வயதையும் பாருங்கள். 33-ஆவது பிறந்தநாளில் 30 பாயிண்ட் 25 ஆகும், 40-இல் அது 15 ஆகும், 45 ஆகிவிட்டால் அழைப்பே கிடையாது. கணக்கு, அழைப்பு வரும் நாளில் உங்கள் வயது என்ன என்பதுதான்.

ரீஜனல்னா ஏதோ ஒதுக்குப்புறத்துல போய் உட்காரணுமா?

இந்தப் பயம்தான் பலரை இந்த விசா பக்கமே போகவிடாமல் செய்கிறது, அவசியமே இல்லாத பயம். 491-க்கு பிராந்தியப் பகுதி என்றால் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரப் பகுதிகளைத் தவிர மீதி ஆஸ்திரேலியா முழுவதும். பெர்த், அடிலெய்ட், கான்பெர்ரா, ஹோபார்ட், கோல்ட் கோஸ்ட், சன்ஷைன் கோஸ்ட், ஜீலாங், நியூகாசில், வொலாங்காங் எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் எல்லை அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்துத்தான். பெருநகரத்தை ஒட்டிய ஒரு புறநகர் உள்ளே இருக்கும், அடுத்தது வெளியே இருக்கும். வீடு பார்க்கும்போது தெருவின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண் உள்துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் இடத்தின் எண்ணையும் அப்படியே பாருங்கள்.

விசாவுல 8579-னு ஒரு நிபந்தனை இருக்காமே, அது என்ன சொல்லுது?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் காலத்தில் நீங்கள் வசிப்பது, வேலை செய்வது, படிப்பது மூன்றும் பிராந்தியப் பகுதியில் மட்டுமே இருக்க வேண்டும். மூன்றும். ஜீலாங்கில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் ரயிலில் மெல்பர்னுக்கு வேலைக்குப் போவதை இது தடுக்கிறது. தூரம் குறைவு, நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள் என்பதெல்லாம் செல்லாது, அவர்கள் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களாகவோ இருப்பார்கள். சுற்றிப் பார்க்கவோ, சொந்தக்காரர் கல்யாணத்துக்கோ சிட்னி போய் நான்கு நாள் தங்குவது பிரச்சினை இல்லை, அது வசிப்பது ஆகாது.

பலர் கவனிக்காமல் விடுவது, இந்த நிபந்தனை விசாவில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் உண்டு என்பதை. உங்களுக்கு அடிலெய்டில் வேலை, மனைவிக்கு மெல்பர்னில் நல்ல வேலை கிடைத்தது, கொஞ்ச நாள் தனித்தனியாக இருப்போம் என்று முடிவெடுக்க முடியாது, அவரும் அதே நிபந்தனைக்குக் கீழே இருக்கிறார். 16, 17 வயதில் பிள்ளை இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள். அடுத்த வருஷம் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், 491 கையில் இருக்கும்வரை அந்தப் பிள்ளை அங்கே போய்ச் சேர முடியாது. ஒரு குடும்பம் இதைத் தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டுத் தவித்ததைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் சொல்லவே இல்லை என்றார்கள். ஆனால் விசா அனுமதிக் கடிதத்தில் அந்த எண் தெளிவாக அச்சாகியிருந்தது.

தெற்கு ஆஸ்திரேலியா நாமினேட் பண்ணி, வேலை பெர்த்ல கிடைச்சா போகலாமா?

விசா நிபந்தனை மட்டும் என்று பார்த்தால் போகலாம். 8579 கேட்பது பிராந்தியப் பகுதி, குறிப்பிட்ட மாநிலம் இல்லை, பெர்த்தும் பிராந்தியப் பகுதிதான்.

ஆனால் நாமினேஷன் கேட்கும்போது, உங்கள் மாநிலத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்து வேலை செய்வேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இது வேறு கட்டு. விசாவோடு ஒட்டிய சட்ட நிபந்தனை இல்லை, மாநிலத்துக்குக் கொடுத்த வாக்கு. 190-இலும் இதேதான், பொதுவாக 2 வருஷம் கேட்பார்கள், ஆனால் 190 விசாவில் ஊர் சம்பந்தப்பட்ட நிபந்தனை எதுவும் இருக்காது. அதனால் சிலர் 190 கிடைத்ததும் நேராக சிட்னிக்குப் போய் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைத்த அந்த இடம் அங்கேயே இருந்து உழைக்கத் தயாராக இருந்த இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனது, அடுத்து வருபவர்களுக்கு மாநிலம் விதியை இறுக்குவதும் இதனால்தான். அதோடு, போகும் எண்ணமே இல்லாமல் போவேன் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்த் தகவல் ஆகிவிடும், அந்தக் கேள்வி பின்னாளில் எழுந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

உண்மையாகவே தேடியும் வேலை கிடைக்கவில்லை என்றால், எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள் என்ற பட்டியலோடு மாநில இடம்பெயர்வு அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள், பதிலை வைத்துக்கொண்டு பிறகு நகருங்கள்.

மூணு வருஷம் முடிஞ்சா 191 கிடைச்சுடும்தானே?

மூன்று வருஷம் என்பதில் இரண்டு தனித்தனிக் கணக்கு இருக்கிறது, அவை ஒன்றாக ஓடுவதில்லை. ஒன்று, 491 விசாவை 3 வருஷமாவது வைத்திருக்க வேண்டும், இது விசா அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும். இரண்டாவது, அந்த விசாக் காலத்துக்குள் 3 வருமான ஆண்டுகளுக்கு வரித்துறை தரும் மதிப்பீட்டு அறிவிப்பு வேண்டும். ஆஸ்திரேலிய வருமான ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். வெளிநாட்டில் இருந்துகொண்டு விசா வாங்குபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான்.

தேதி போட்டுப் பார்ப்போம். 2024 ஆகஸ்ட் 10-இல் விசா அனுமதி, அதாவது 2029 ஆகஸ்ட் 10 வரை. 2025 பிப்ரவரியில் குடும்பத்தோடு வந்து மார்ச்சில் வேலையில் சேர்ந்தால், 2024-25, 2025-26, 2026-27 என்று மூன்று வருமான ஆண்டுகள் கிடைக்கும். முதலாவதில் நான்கு மாதச் சம்பளம்தான் இருக்கும், ஆனாலும் அது ஒரு வருமான ஆண்டு. 2027 ஜூலையில் வரிக்கணக்கைத் தாக்கல் செய்து அறிவிப்பு வாங்கிக்கொண்டு ஆகஸ்ட் 10 தாண்டியதும் 191-க்குப் போடலாம். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் முடிகிறது, விசாவில் இன்னும் இரண்டு வருஷம் மிச்சம்.

இதே ஆள், முதல் தடவை நாட்டுக்குள் நுழைய விசாவில் தந்த கெடுவுக்குள் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய், 2026 ஆகஸ்டில்தான் நிரந்தரமாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மூன்று ஆண்டுகள் 2026-27, 2027-28, 2028-29. மூன்றாவது ஆண்டு முடிவது 2029 ஜூன் 30. விசா முடிவது ஆகஸ்ட் 10. ஆறே வாரத்துக்குள் நிறுவனம் வருமான விவரத்தை இறுதிசெய்து, அவர் கணக்கைத் தாக்கல் செய்து, அறிவிப்பு வந்து, 191 மனுவும் போட்டிருக்க வேண்டும். நாமே தாக்கல் செய்தால் அக்டோபர் 31 வரை அவகாசம் இருக்கிறதே என்று ஆற அமர இருந்தால் விசா முடிந்திருக்கும், 191-க்கு மனுப் போடும் நேரத்தில் 491 கையில் இருக்க வேண்டும். இடையில் ஒரு வருஷத்துக்கு அறிவிப்பு இல்லாமல் போனாலும் ஈடுகட்ட வேறு ஆண்டு இவரிடம் இல்லை. அதனால் என் கருத்து, அனுமதி வந்த முதல் வருமான ஆண்டு முடிவதற்குள் வந்து வேலையில் சேரப் பாருங்கள், குறைந்தது ஒரு உபரி ஆண்டாவது கையிருப்பில் இருக்கட்டும்.

வருஷத்துக்கு 53,900 டாலர் சம்பாதிக்கணும்னு எங்கேயோ படிச்சேனே?

2019-இல் இந்த விசாவை அறிவித்தபோது அந்தத் தொகையைச் சொன்னார்கள், அதனால் பழைய கட்டுரைகளில் இன்னும் கிடக்கிறது. 191-க்கு இப்போது குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று இல்லை. மூன்று ஆண்டுக்கான அறிவிப்பு இருந்தால் போதும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரவில்லை, அதனால் தாக்கல் செய்யவில்லை என்று சிலர் ஒரு ஆண்டைக் கோட்டை விடுகிறார்கள். வரி வராவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள், உங்களுக்கு வேண்டியது அந்த அறிவிப்பு.

உங்கள் மதிப்பீட்டுத் தொழிலில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பதும் விசா நிபந்தனையில் இல்லை. முதல் வருஷம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் சொந்தத் துறைக்குப் போனவர்கள் ஏராளம். மாநிலத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் ஒரு தடவை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்தோம்னு எப்படி நிரூபிக்கிறது?

நான் அடிலெய்டில் 491-இல் இருந்தபோது முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்திருந்தேன். வாடகை ஒப்பந்தம், மூன்று மாதத்துக்கு ஒரு மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டுகள், வேலை இடத்தின் முகவரி உள்ள நியமனக் கடிதம், பிள்ளையின் பள்ளிக் கடிதம். 191 நேரத்தில் அரை மணி நேரத்தில் எல்லாம் ஏற்றிவிட்டேன். இன்னொரு வீட்டில் ஒரு அறையை வாய்மொழியாக வாடகைக்கு எடுத்து இருந்தவர்களுக்குத்தான் சிரமம், அவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதும் வங்கி வழியாகவே வாடகை கட்டுவதும் நல்லது.

இதோடு கவனிக்க வேண்டிய வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. 8578-இன்படி வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பாஸ்போர்ட், வேலை தரும் நிறுவனத்தின் முகவரி, வேலை செய்யும் இடம், இவற்றில் எது மாறினாலும் 14 நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 8580-இன்படி, எங்கே இருக்கிறீர்கள், எங்கே வேலை என்று அவர்கள் எழுத்தில் கேட்டால் 28 நாளுக்குள் ஆதாரம் தர வேண்டும். வீடு மாறும் களேபரத்தில் அந்த 14 நாள் ஓடிவிடும், சாவி வாங்கிய அன்றைக்கே இணையத்தில் மாற்றிவிடுங்கள், மாற்றிய பக்கத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

491 வாங்கிட்டு அங்கே இருந்துகிட்டே 189-க்கோ 190-க்கோ முயற்சி பண்ணலாமா?

முடியாது, இதைத் தெரியாமல் 491-ஐ எடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய. 491-ஐ 3 வருஷம் வைத்திருக்கும்வரை 189, 190, நிறுவனம் தரும் 186, அங்கிருந்தே கேட்கும் துணைவர் விசா 820 எதற்கும் சாதாரணமாக வழி கிடையாது. குடியுரிமை உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாலும் 820-க்கு அந்தக் காலம் ஓட வேண்டும்.

அதனால் முடிவெடுக்க வேண்டிய நேரம், அழைப்பு வந்த பிறகான அந்த 60 நாள். 190-க்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆங்கிலத் தேர்வில் 8 வாங்கினால் இன்னும் 10 பாயிண்ட் கூடும், 39 வயதும் நெருங்கவில்லை என்றால் 491 அழைப்பைக் காலாவதியாக விட்டுவிட்டுக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. 39 முடியப்போகிறது என்றால் நான் யோசிக்காமல் 491-ஐ எடுத்துக்கொள்வேன். ஒரே ஈஓஐயில் 189, 190, 491 மூன்றையும் போட்டிருந்தால், ஒன்றுக்கு அழைப்பு வந்ததும் மற்றவையும் அந்த 60 நாளுக்கு உறைந்துவிடும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈஓஐ போடுங்கள்.

491-ல இருக்கும்போது மெடிகேர் உண்டா? குடியுரிமைக்கு அந்தக் காலம் சேருமா?

மெடிகேர் உண்டு, வந்ததும் பதிவு செய்துகொள்ளலாம். குடியுரிமைக்கு 4 வருஷம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி 12 மாதம் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்திருக்க வேண்டும். 491-இல் அங்கே இருந்த காலம் அந்த நான்கில் சேரும், ஆகவே 191 கிடைத்து ஒரு வருஷத்தில் பலர் விண்ணப்பித்துவிடுகிறார்கள், வெளிநாட்டில் கழித்த நாட்கள் வரம்பைத் தாண்டவில்லை என்றால்.